ஒரு பில் படம், ஆறு வேலைகள்

படத்தில் ஏழு வரிகள். முதல் வரி EC2-Other, 435.40 டாலர். அடுத்து EC2-Instances, 414.72. பிறகு Relational Database Service 290.12, Tax 233.65, S3 69.00, CloudWatch 60.00, கடைசியாக VPC 28.80. கூட்டுத்தொகை 1,531.69 டாலர். அமேசானின் கிளவுட் சேவையில் Cost Explorer என்றொரு பக்கம் உண்டு. 2025 ஜூன் மாதக் கணக்கை அதில் திறந்து, அப்படியே படம் பிடித்து வாட்ஸப்பில் அனுப்பியிருக்கிறார் ஒரு முதலாளி. கேட்டிருப்பது ஒரே கேள்விதான்: இதில் எதை முதலில் குறைப்பது?

இந்த அத்தியாயத்துக்காக நான் அமைத்துக்கொண்ட நிறுவனம் இது. ஈரோட்டில் ஜவுளி மொத்த வியாபாரிகளுக்கு ஆர்டர் எடுக்கும் மென்பொருள் விற்கிறது. ஆட்கள் பத்துப் பன்னிரண்டு பேர். சர்வர்களோ அமெரிக்காவின் வட வர்ஜீனியாவில், அதாவது us-east-1 வட்டாரத்தில். தொடங்கியபோது திரையில் வந்த இடத்தை யாரும் மாற்றவில்லை, அவ்வளவுதான். நிறுவனம் கற்பனை. ஆனால் ஒவ்வொரு தொகையும் அந்த வட்டாரத்தின் பட்டியல் விலையை வைத்துப் போட்ட கணக்கு.

பெரிய வரியிலிருந்து ஒவ்வொன்றாகக் கீழே வெட்டிக்கொண்டு வரலாம் என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். அது தவறான வரிசை. ஒரு வரி பெரிதாக இருக்கிறது என்பதாலேயே அதில் வீண்செலவு இருக்கிறது என்று ஆகாது. தேட வேண்டியது ஒவ்வொரு வரியிலும் நீக்கக்கூடிய பகுதி எவ்வளவு என்பதை. அந்தப் பகுதி இந்தப் படத்தில் தெரியாது. படம் எங்கே தோண்ட வேண்டும் என்று மட்டும் காட்டும்.

தோண்டுவதற்கு முன் படத்தையே கொஞ்சம் சந்தேகிக்க வேண்டும். முதலில் தேதி. முழு மாதமா, அல்லது மாதத்தின் 12ஆம் நாள் வரைக்குமா? பாதி மாதத்தை இரண்டால் பெருக்கி முழு மாதமாக்க முடியாது. சில கட்டணங்கள் மாதத்தின் முதல் நாளிலேயே மொத்தமாக விழும், சில நாளுக்கு நாள் ஏறும். தினசரிப் படமாக இருந்தால் கடைசி இரண்டு நாள் கம்பங்கள் குட்டையாகத் தெரியும். அது சேமிப்பு இல்லை, கணக்கு இன்னும் வந்து சேரவில்லை. இந்தக் கணக்கில் நாள் என்பதும் உலகப் பொது நேரப்படி, நம் ஊர்க் கடிகாரத்தில் காலை ஐந்தரைக்குத்தான் புரளும்.

அடுத்து, வரிகளைக் கூட்டிப் பார்க்க வேண்டும். இந்தப் படத்தில் ஏழும் சேர்ந்து 1,531.69 வருகிறது, திரையில் இருக்கும் மொத்தத்தோடு ஒத்துப்போகிறது. பல படங்களில் ஒத்துப்போகாது. திரையை உருட்டாமல் எடுத்த படத்தில் கீழ் வரிகள் விடுபட்டிருக்கும். வரைபடத்தை மட்டும் எடுத்திருந்தால் சிறிய சேவைகள் எல்லாம் Others என்ற ஒரே நிறத்துக்குள் போயிருக்கும். புதிய நிறுவனங்களுக்கு அமேசான் தரும் சலுகைத் தொகை இருந்தால் இன்னொரு சிக்கல்: செலவை அது மறைத்துவிடும், பில் கிட்டத்தட்டப் பூஜ்யம் என்று காட்டும். சலுகை தீர்ந்த மாதத்தில்தான் உண்மைத் தொகை தெரியவரும். அதனால் சலுகையைக் கழிக்காத கணக்கின் படத்தைத்தான் கேட்க வேண்டும். அனுப்புகிறவர் படத்தின் மேல் மூலையில் தெரியும் 12 இலக்கக் கணக்கு எண்ணை மறைத்துவிடுவது நல்லது.

Tax வரியை உடனே தனியே எடுத்து வைக்கலாம். மற்ற ஆறு வரிகளின் கூட்டுத்தொகை 1,298.04, அதில் 18 சதவீதம் 233.65. சர்வர் அமெரிக்காவில் இருந்தாலும் வாடிக்கையாளர் இந்தியாவில் இருப்பதால் ஜி.எஸ்.டி. உண்டு. நிறுவனம் தன் ஜி.எஸ்.டி. எண்ணைக் கணக்கில் பதிந்திருந்தால், தகுதியுள்ள இடத்தில் இதை இன்புட் கிரெடிட்டாக எடுத்துக்கொள்ளலாம். பதியாமல் விட்டிருந்தால் அது ஆடிட்டரோடு பேச வேண்டிய சமாச்சாரம், புரோகிராமர் இதில் செய்ய ஒன்றுமில்லை. ஆகவே இனி நம் கணக்கு 1,298.04 டாலருக்கு மட்டும்.

கிளவுட் பில்லில் எத்தனை நூறு பெயர்கள் வந்தாலும் அடியில் ஓடுபவை பெரும்பாலும் மூன்றே மீட்டர்கள். ஒன்று நேரம்: ஒரு சர்வர் இயங்கும் ஒவ்வொரு மணிக்கும். இரண்டு இடம்: வைத்திருக்கும் ஒவ்வொரு ஜிபிக்கும் ஒவ்வொரு மாதமும். மூன்று நடமாட்டம்: ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போகும் ஒவ்வொரு ஜிபிக்கும். நேர மீட்டர் ஆட்டோவின் காத்திருப்புக் கட்டணம் போல, வண்டி நகராவிட்டாலும் ஏறும். குறைக்கும் வழியும் மீட்டருக்கு மீட்டர் வேறு. நேரத்தை நிறுத்தலாம் அல்லது சிறிதாக்கலாம். இடத்தைக் காலி செய்யலாம் அல்லது மலிவான இடத்துக்கு மாற்றலாம். நடமாட்டத்துக்கு வேறு பாதை போடலாம். ஆகவே ஒரு வரியைப் பார்த்ததும் கேட்க வேண்டிய கேள்வி, இதில் எந்த மீட்டர் ஓடுகிறது என்பது.

நம் படத்தில் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாத வரி முதல் வரியேதான். EC2-Other என்பது ஒரு சேவையின் பெயரே இல்லை. சர்வரைச் சுற்றி நடப்பவற்றில் சர்வரின் மணிக்கட்டணம் போக மீதி எல்லாம் வந்து விழும் இடம் அது. டிஸ்க், ஸ்னாப்ஷாட், நாட் கேட்வே, இணையத்துக்கு வெளியே போகும் டேட்டா எல்லாம் அதற்குள் இருக்கின்றன. மூன்று மீட்டர்களும் ஒரே எண்ணுக்குள் கலந்து கிடக்கின்றன. பல சிறு நிறுவனங்களில் யாரும் திறந்து பார்க்காத வரியும் இதுதான். EC2-Instances என்றால் சர்வர் என்று தெரியும், இது என்னவோ ஏதோ என்று விட்டுவிடுவார்கள்.

திறப்பதற்கு இரண்டாவது படம் ஒன்று வேண்டும். அதே பக்கத்தில் Service என்ற வடிகட்டியில் EC2-Other மட்டும் வைத்து, Group by என்ற இடத்தில் Usage type தேர்ந்தால் போதும். நம் நிறுவனத்துக்கு இப்படி வருகிறது:

```
EBS:VolumeUsage.gp2      150.00
NatGateway-Bytes         108.00
EBS:SnapshotUsage        100.00
DataTransfer-Out-Bytes    45.00
NatGateway-Hours          32.40
```

இப்போது மீட்டர்கள் பிரிந்துவிட்டன. முதல் வரியும் மூன்றாவதும் இடம், கடைசி வரி நேரம், மற்ற இரண்டும் நடமாட்டம். இதில் என் கண்ணில் உடனே படுவது NatGateway-Bytes. ஒரு ஜிபிக்கு 0.045 டாலர் வீதம் 108 டாலர் என்றால் 2,400 ஜிபி அந்த வழியாகப் போயிருக்கிறது. ஆனால் இணையத்துக்கு வெளியே போனதற்கான கட்டணம் 45 டாலர்தான். ஜிபிக்கு 0.09 வீதம் அது 500 ஜிபி, மாதத்துக்கு இலவசமாக விடும் 100 ஜிபியையும் சேர்த்தால் 600. அப்படியானால் குறைந்தது 1,800 ஜிபி எங்கே போயிற்று? வெளியிலிருந்து உள்ளே வந்திருக்கலாம், அல்லது வெளியே போவது போலப் போய் அமேசானின் இன்னொரு சேவைக்குள்ளேயே நுழைந்திருக்கலாம். இரண்டுக்கும் இணையக் கட்டணம் கிடையாது, ஆனால் நாட் கட்டணம் உண்டு.

நாட் கேட்வே எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். பாதுகாப்புக்காகச் சில சர்வர்களுக்கு இணைய முகவரியே கொடுக்காமல் உள் வலையமைப்பில் வைப்பார்கள். அவை வெளியே எதையாவது கேட்க வேண்டுமானால், முகவரியை மாற்றிக் கொடுக்கும் ஓர் இடைவாசல் வேண்டும். அதுதான் நாட். தன் வழியாகப் போகும் ஒவ்வொரு ஜிபிக்கும் அது காசு வாங்கும். S3 என்ற சேமிப்பிடமும் அமேசானுடையதுதான் என்றாலும், அதன் முகவரிகள் பொது முகவரிகள். வழி அட்டவணையில் வேறு ஏதும் எழுதாவிட்டால், பக்கத்து அறைக்குப் போக வேண்டிய பேக்கப் கோப்பும் இந்த வாசலில் காசு கட்டித்தான் போகும்.

இது ஊகம். உறுதி செய்ய ஒரு வழி உண்டு. அந்த வரியை மட்டும் மணிவாரியாகப் பார்க்க, CloudWatch பக்கத்தில் நாட் கேட்வேயின் BytesInFromSource என்ற அளவைத் திறக்க வேண்டும். சர்வர்கள் நாட்டுக்குள் தள்ளும் டேட்டாவை அது காட்டும். நம் நிறுவனத்தில் பகல் முழுக்கத் தரையோடு தரையாக ஓடும் கோடு, தினமும் இரவு இரண்டு மணிக்குச் செங்குத்தாக எழுந்து அடங்குகிறது. பேக்கப் ஓடும் நேரம் இரண்டு மணி. ஓர் இரவுக்கு 65 ஜிபி, 30 இரவுக்கு 1,950. S3-இல் இருக்கும் 3,000 ஜிபியில் ஏறக்குறைய 2,000 ஜிபி பேக்கப் என்பதும், பேக்கப்பை 30 நாள் வைத்திருந்து பிறகு அழிக்கிறார்கள் என்பதும் இதோடு பொருந்துகின்றன. மூன்று இடத்திலிருந்து வந்த எண்கள் ஒன்றையொன்று ஆமோதித்தால் ஊகம் கிட்டத்தட்ட உறுதியாகிவிடும்.

தீர்வுக்குச் செலவே இல்லை. S3-க்கு ஒரு கேட்வே எண்ட்பாயின்ட் போட வேண்டும். அதற்கு மணிக்கட்டணமும் இல்லை, ஜிபி கட்டணமும் இல்லை.

```
aws ec2 create-vpc-endpoint --vpc-id vpc-ID \
  --service-name com.amazonaws.us-east-1.s3 \
  --route-table-ids rtb-ID
```

இது செய்வது ஒன்றே ஒன்றுதான். வழி அட்டவணையில் S3-இன் முகவரிகளுக்கென்று தனி வரி சேர்க்கிறது. மற்ற எல்லாவற்றுக்கும் நாட் வழி என்று பொதுவாகச் சொல்லும் பழைய வரியும் அங்கேயே இருக்கும். ஆனால் குறிப்பாகச் சொல்லும் வரி பொதுவாகச் சொல்லும் வரியை வெல்லும் என்பது வலையமைப்பின் விதி. பேக்கப் புது வழியில் போகத் தொடங்கிவிடும், மாதம் 87.75 டாலர் மிஞ்சும். இரண்டு விஷயம் மட்டும் கவனிக்க வேண்டும். S3 பக்கெட் அதே வட்டாரத்தில் இருக்க வேண்டும். நாட்டின் பொது முகவரியிலிருந்து வந்தால் மட்டும் அனுமதி என்று பக்கெட்டில் யாராவது விதி எழுதியிருந்தால், மாற்றிய இரவே பேக்கப் நின்றுபோகும், ஏனெனில் புது வழியில் அந்தப் பொது முகவரியே வராது. அதனால் மாற்றத்தைப் பகலில் செய்து, பேக்கப்பைக் கையால் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட வேண்டும்.

டிஸ்க் வரியில் 1,500 ஜிபி இருக்கிறது. சர்வரை அழிக்கும்போது அதோடு கூட டிஸ்க்கும் போய்விடும் என்று பலர் நம்புகிறார்கள். கூடுதலாக இணைத்த டிஸ்க்குகள் பெரும்பாலும் தனியே தங்கிவிடும். எந்த சர்வரிலும் சொருகப்படாத டிஸ்க்குகளின் நிலை available என்று இருக்கும், அதை வைத்துப் பட்டியல் எடுக்கலாம்.

```
aws ec2 describe-volumes \
  --filters Name=status,Values=available \
  --query "Volumes[].[VolumeId,Size,CreateTime]" --output table
```

இங்கே 400 ஜிபி அனாதையாக இருக்கிறது, மாதம் 40 டாலர். மீதி 1,100 ஜிபியை gp2 என்ற பழைய வகையிலிருந்து gp3-க்கு மாற்றினால் ஜிபிக்கு 0.10 என்பது 0.08 ஆகும், மாதம் 22 டாலர் குறையும். சர்வரை நிறுத்தாமலே மாற்றலாம். பெரிய gp2 டிஸ்க்குகள் gp3-இன் அடிப்படை அளவைவிட வேகமாக இயங்கும் என்பதால், 170 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றை டிஸ்க் இருந்தால் மட்டும் யோசித்துச் செய்ய வேண்டும். இவர்களிடம் இருப்பவை எல்லாம் சின்ன டிஸ்க்குகள்.

ஸ்னாப்ஷாட்டின் 100 டாலரைப் பார்த்து, பாதியை அழித்தால் 50 மிஞ்சும் என்று எழுதிவிடத் தோன்றும். எழுதக் கூடாது. ஸ்னாப்ஷாட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக வித்தியாசத்தை மட்டும் சேமிப்பவை. பழையதை அழித்தாலும், புதியது நம்பியிருக்கும் துண்டுகள் அப்படியே இருக்கும், அவற்றின் வாடகையும் தொடரும். எண்ணிக்கையில் பாதி போனாலும் தொகையில் பத்து சதவீதம்கூடக் குறையாமல் போகலாம். அழித்துப் பார்த்த பிறகுதான் தெரியும் என்பதால், இந்த வரியை நான் பட்டியலில் சேர்ப்பதே இல்லை. தனிக் குறிப்பாக அடியில் எழுதிவிடுவேன்.

இனி டேட்டாபேஸ். 290.12 டாலர். ஓடுவது db.m5.large என்ற நடுத்தர மெஷின் ஒன்று. அதன் விலை மணிக்கு 0.171, 720 மணிக்கு 123.12. டிஸ்க் 200 ஜிபி, 23 டாலர். இரண்டையும் கூட்டினால் 146.12. பாதிதான் கணக்கில் வருகிறது, மீதி 144 டாலர் எங்கிருந்து வந்தது?

Usage type படத்தில் ExtendedSupport என்ற சொல்லோடு ஒரு வரி இருக்கும். இவர்கள் மைஎஸ்க்யூஎல் 5.7 பதிப்பை ஓட்டுகிறார்கள். அந்தப் பதிப்புக்கான வழக்கமான ஆதரவை அமேசான் 2024 பிப்ரவரி 29 அன்று முடித்துக்கொண்டது. மார்ச் 1 முதல் இரண்டு ஆண்டுகளுக்கு, பழைய பதிப்பிலேயே இருப்பவர்களிடம் ஒவ்வொரு vCPU-க்கும் மணிக்கு 0.10 டாலர் கூடுதல் என்று விதித்தது. இந்த மெஷினில் vCPU இரண்டு. 2 × 0.10 × 720 = 144. மெஷினின் வாடகையைவிடப் பழைய பதிப்புக்கான அபராதம் அதிகம்! மூன்றாம் ஆண்டில், அதாவது 2026 மார்ச் முதல், இதுவே இரட்டிப்பு. சேவைவாரியான படத்தில் இது எதுவும் தெரியாது. டேட்டாபேஸ் என்றால் செலவாகத்தான் செய்யும் என்று நினைத்து மாதாமாதம் கட்டிக்கொண்டே இருப்பார்கள்.

பதிப்பை உயர்த்த வேண்டும், வேறு வழியில்லை. 5.7-இலிருந்து 8.0, அங்கிருந்து 8.4, நேரடியாக 8.4-க்குத் தாவ முடியாது. 8.0-உடன் நின்றுவிட்டால் அதற்கும் 2026-இல் கெடு. இந்த வேலையை ஒரு மதியத்தில் முடிக்க முடியாது. 8.0-இல் rank, groups போன்ற பெயர்கள் மொழியின் சொந்தச் சொற்களாகிவிட்டன, அந்தப் பெயரில் பத்தி வைத்திருந்த கேள்விகள் பிழை தரும். அதைவிட நைசாக வருவது இன்னொன்று. 5.7-இல் GROUP BY போட்டால் விடை தானாகவே வரிசைப்பட்டு வரும், 8.0-இல் அந்தப் பழக்கத்தை எடுத்துவிட்டார்கள். பிழைச் செய்தி எதுவும் வராது. ஊர்வாரி விற்பனை அறிக்கை மட்டும் ஒரு நாள் கோபிக்குப் பிறகு அந்தியூர், அதற்குப் பிறகு ஈரோடு என்று தாறுமாறாக நிற்கும். ஆகவே நேற்றைய ஸ்னாப்ஷாட்டிலிருந்து ஒரு நகல் டேட்டாபேஸ் எழுப்பி, அதை உயர்த்தி, எல்லா அறிக்கைகளையும் பழையதோடு பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். நான் முப்பது மணி நேர வேலை என்று போடுவேன்.

சர்வர் வரிக்கு வருவோம். m5.xlarge மூன்று ஓடுகின்றன, ஒவ்வொன்றும் 138.24 டாலர். இரண்டு வாடிக்கையாளருக்கு, ஒன்று சோதனைக்கு. இந்த இடத்தில் பில்லைவிட ஆட்களிடம் கேட்பதுதான் வேகம். முதலாளிக்கும் புரோகிராமருக்கும் நடக்கும் பேச்சு பொதுவாக இப்படித்தான் இருக்கும்.

“அந்த டெஸ்ட் சர்வரு ராத்திரியெல்லாம் யாருக்குத் தம்பி ஓடுது?”

“யாருக்கும் இல்லீங்கண்ணா. நிறுத்துனா காலைல மறுபடி ஏத்தணுமேன்னுதான் விட்டுட்டோம்.”

காலை ஒன்பதிலிருந்து இரவு ஒன்பது வரை, ஞாயிறு விடுமுறை என்று வைத்தால் ஜூனில் 25 நாள், 300 மணி நேரம். அதற்கு 57.60 டாலர்தான் ஆகும், 80.64 மிஞ்சும். தானாக நிறுத்தி ஏற்றும் கால அட்டவணை போட வேண்டும். கையால் செய்கிறோம் என்பவர்கள் இரண்டாவது வாரமே மறந்துவிடுவார்கள். நிறுத்தினாலும் அதன் டிஸ்க் வாடகை ஓடும் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

மற்ற இரண்டையும் பாதி அளவான m5.large ஆக்கினால் 138.24 டாலர் குறையும். சிபியூ வரைபடம் நாள் முழுக்க 15 சதவீதத்துக்குக் கீழே இருக்கிறது என்று புரோகிராமர் இன்னொரு படம் அனுப்புவார். அது பாதி உண்மைதான். சிபியூ எவ்வளவு உழைக்கிறது என்பது வெளியிலிருந்து அமேசானுக்குத் தெரியும். ஆனால் ஒதுக்கிய நினைவகத்தில் எவ்வளவு பயனில் இருக்கிறது என்பது சர்வருக்குள் இருக்கும் இயங்குதளத்துக்கு மட்டுமே தெரியும். அதனால் CloudWatch தானாகத் தரும் அளவுகளில் நினைவகம் இருக்காது. சர்வருக்குள் அதற்கென ஒரு ஏஜென்ட் போட்டு இரண்டு வாரமாவது பார்க்க வேண்டும், அதில் ஒரு மாத முடிவும் வர வேண்டும். 16 ஜிபியில் 11 ஜிபி நிரம்பியிருக்கும் சர்வரை 8 ஜிபிக்கு இறக்கினால், மாதக் கடைசியில் எல்லாக் கடைகளும் கணக்கு எடுக்கும்போது கவிழும்.

மிச்சமிருப்பவை சிறியவை. CloudWatch-இன் 60 டாலர் ஏறக்குறைய முழுக்க லாக் உள்ளே வருவதற்கான கட்டணம், ஜிபிக்கு 0.50. லாக்கை எத்தனை நாள் வைத்திருப்பது என்ற அமைப்பைக் குறைத்தால் இது குறையும் என்று பலர் நினைப்பார்கள். அது சேமிப்பு வாடகையை மட்டும் தொடும், வாடகையோ ஜிபிக்கு 0.03தான். எழுதும் லாக்கையே குறைக்க வேண்டும். VPC வரி, 2024 பிப்ரவரியிலிருந்து ஒவ்வொரு பொது IPv4 முகவரிக்கும் வாங்கும் மணிக்கு 0.005 டாலர், எட்டு முகவரிகளில் தேவையில்லாததை எப்போதாவது விடுவித்துக்கொள்ளலாம். ஒரு முகவரிக்கு 3.60 டாலர் மிஞ்சுவதற்காக ஒரு கூட்டம் போட வேண்டாம்.

இப்போது வரிசை. என் கணக்கு எளிமையானது: மாதச் சேமிப்பை 12-ஆல் பெருக்கி, அது நிஜமாகக் கிடைக்கும் என்ற நம்பிக்கையின் அளவால் பெருக்கி, வேலை மணி நேரத்தால் வகுக்க வேண்டும். எண்ட்பாயின்டுக்கு 87.75 × 12 × 0.9, மூன்று மணி நேர வேலை. மணிக்கு ஏறக்குறைய 316 டாலர். gp3 மாற்றம் சின்னத் தொகைதான், ஆனால் முழு நம்பிக்கை, ஒரே மணி நேரம், 264. சோதனை சர்வரை நிறுத்துவது நான்கு மணி நேர வேலை, நம்பிக்கை 0.9, 218. அனாதை டிஸ்க்குகளில் சில தேவைப்படலாம் என்று 0.8 போட்டால் இரண்டு மணி நேரத்துக்கு 192. சர்வர் அளவைப் பாதியாக்குவதில் எனக்கு நம்பிக்கை 0.5தான், எட்டு மணி நேரம், 104. டேட்டாபேஸ் பதிப்பு உயர்வு, அதே 0.9 நம்பிக்கையோடு, முப்பது மணி நேரத்தால் வகுபட்டு வெறும் 52.

கணக்கு இதைக் கடைசியில் போடுகிறது. நான் போட மாட்டேன். மாதச் சேமிப்பில் இதுதான் பெரியது, காத்திருந்தால் அபராதம் இரட்டிப்பாகும், தவிர எப்படியும் ஒரு நாள் செய்தே ஆக வேண்டிய வேலை. சூத்திரத்துக்குக் கெடு தெரியாது. டிஸ்க் விஷயத்திலும் அது ஒன்றைக் கவனிக்கவில்லை: அனாதைகளை முதலில் அகற்றாமல் gp3-க்கு மாற்றத் தொடங்கினால், அழிக்கப் போவதையும் சேர்த்து மாற்றிக்கொண்டிருப்போம். திருத்திய பிறகு முதலாளிக்குப் போகும் பட்டியல் இது:

1. S3 எண்ட்பாயின்ட் போடுவது. மாதம் 87.75. இந்த வாரம், பகலில்.
2. அனாதை டிஸ்க்குகள். மாதம் 40. ஒவ்வொன்றும் யாருடையது என்று கேட்டுவிட்டு அழிக்கவும். பதில் தெரியாததை ஸ்னாப்ஷாட் எடுத்துவிட்டு அழிக்கவும்.
3. மீதி டிஸ்க்குகளை gp3 ஆக்குவது. மாதம் 22.
4. சோதனை சர்வருக்கு நேர அட்டவணை. மாதம் 80.64.
5. மைஎஸ்க்யூஎல் உயர்வு. மாதம் 144. நகல் டேட்டாபேஸை இன்றே எழுப்பித் தனித் தடமாக ஓட்டவும். 2026 பிப்ரவரிக்குள் முடிய வேண்டும்.
6. இரண்டு சர்வர்களின் அளவு. மாதம் 138.24 வரை. நினைவக அளவு கைக்கு வந்த பிறகு முடிவு.

முதல் ஐந்தும் சேர்ந்தால் 374.39 டாலர், வரி நீங்கிய பில்லில் ஏறக்குறைய 29 சதவீதம். ஆறாவதும் கைகூடினால் 512.63, அது 39 சதவீதத்தைத் தாண்டும். முதலாளியிடம் சொல்ல வேண்டியது முதல் எண்ணைத்தான்.

செய்து முடித்ததும் அடுத்த பில்லுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. மூன்று நாள் கழித்து அதே பக்கத்தைத் தினசரிக் கணக்காக மாற்றி, NatGateway-Bytes வரியை மட்டும் பார்த்தால் போதும். டாலரை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது, ஜிபியையும் பார்க்க வேண்டும். நாளுக்கு 80 ஜிபி ஓடிய வரி 15-க்கு இறங்கியிருந்தால் வேலை முடிந்தது. இறங்கவில்லை என்றால் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: எண்ட்பாயின்டை ஒரு வழி அட்டவணையில் சேர்த்துவிட்டு, பேக்கப் சர்வர் இருக்கும் அட்டவணையை விட்டிருப்பார்கள்.

பட்டியலில் இல்லாத ஒன்றை வாசகர் எதிர்பார்த்திருக்கலாம். ஓராண்டுக்கோ மூன்றாண்டுக்கோ இவ்வளவு பயன்படுத்துவோம் என்று உறுதி கொடுத்தால் விலை குறையும் சேவிங்ஸ் பிளான். Cost Explorer பக்கமே அதைப் பரிந்துரைத்து ஒரு தொகையும் காட்டும், சொடுக்கினால் முடிந்துவிடும் என்பதால் பலர் அதைத்தான் முதலில் செய்கிறார்கள். அந்தப் பரிந்துரை கடந்த மாதங்களின் உபயோகத்தை வைத்துப் போட்ட கணக்கு, அதாவது இரவெல்லாம் வீணாக ஓடிய சோதனை சர்வரையும் பாதி காலியாக இருந்த m5.xlarge-களையும் சேர்த்து. இன்று அதில் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த மாதம் சர்வர்களைச் சுருக்கினால், சுருங்கிய பிறகும் உறுதி கொடுத்த தொகையை ஒவ்வொரு மணியும் கட்ட வேண்டும். முதலில் ஆறு வேலைகளையும் முடியுங்கள். அதன் பிறகு இரண்டு முழு மாத பில்கள் ஏறக்குறைய ஒரே அளவில் வந்தால், அவற்றில் குறைந்த மாதத்தை வைத்து ஓராண்டுக்கு மட்டும் உறுதி கொடுங்கள்.